பயோவும் பின் போஸ்ட்டும்: ஒரு ஓவியரின்ட பக்கத்தை டீபக் பண்ணின கதை

இந்தக் கிழமைப் பாடத்தில கோடிங் இல்லை.

என்ட ஒன்றுவிட்ட தங்கச்சி ஸ்கார்பரோவில ஃப்ரீலான்ஸ் ஓவியர். நல்லா வரைவாள். "அண்ணா, இன்ஸ்டாகிராமில லைக் வருது, வேலை வருதில்லை" எண்டு வந்தாள். அவளின்ட பயோ இப்பிடி இருந்தது: "கனவு காண்பவள். தேநீர்ப் பிரியை. வேலைக்கு டிஎம் பண்ணுங்கோ." பின் பண்ணியிருந்தது, நிறைய லைக் வாங்கின ஒரு நடிகரின்ட படம்.

அவளின்ட இன்பாக்ஸைத் திறந்து பார்த்தன். முக்கால்வாசிப் பேர் கேட்டது, "என்னையும் இப்பிடி வரைவீங்களா, எவ்வளவு?" எண்டுதான். பிழை அவையிட்ட இல்லை. நடிகரின்ட முகத்தை முன்னுக்கு வைச்சா, முகம் வரையச் சொல்லித்தான் ஆக்கள் வருவினம். அவளுக்கு வேணும் எண்டது சிறுவர் நூல்களும், சங்கங்களின்ட போஸ்டர்களும். அதில ஒண்டு கூட மேல இல்லை.

முதல்ல பெயர்ப் பெட்டியை மாத்தினம். இன்ஸ்டாகிராம் தேடலில யூசர்நேமோட இந்தப் பெட்டியும் சேரும். அதால பெயருக்குப் பக்கத்தில "சிறுவர் நூல் ஓவியர், டொராண்டோ" எண்டு போட்டம். 14 நாளில இரண்டு தரம்தான் இதை மாத்தலாம், யோசிச்சுப் போடுங்கோ.

பயோவுக்கு 150 எழுத்துத்தான் இடம். அதுக்குள்ள நாலு கேள்விக்குப் பதில் வேணும்: என்ன வரைவீங்கள், யாருக்கு, எப்ப நேரம் இருக்கு, எப்பிடிக் கேக்கிறது. அவள் ஆங்கிலத்தில போட்டதைத் தமிழில தாறன்: "சிறுவர் நூல்களுக்கும் சமூக நிகழ்ச்சிப் போஸ்டர்களுக்கும் வரைகிறேன். மார்ச்சில் 2 இடம் உண்டு. விலை முதல் பின் போஸ்ட்டில். கேட்க, கீழே லிங்க்." மாதத்தைப் போட்டா மாதாமாதம் மாத்தவும் வேணும். ஏப்ரலிலையும் "மார்ச்" எண்டு நிண்டா, இவ தொழிலை விட்டிட்டா எண்டுதான் வாறவர் நினைப்பார்.

டிஎம்மை ஏன் எடுத்தனாங்கள்? உங்களை ஃபாலோ பண்ணாத ஆளின்ட செய்தி பெரும்பாலும் ரிக்வெஸ்ட் பெட்டிக்குள்ள போய் விழும். அவளின்ட பெட்டிக்குள்ள ஒரு பாடசாலை அனுப்பின கேள்வி ஆறு கிழமையாப் படுத்திருந்தது.

அடுத்தது பின் போஸ்ட். மூண்டு வரைக்கும் பின் பண்ணலாம். ஆனா வேலை செய்யிறது முதலாவதுதான். அதில அஞ்சு படம் வைச்சம்: முடிஞ்ச சிறுவர் நூல் பக்கம் ஒண்டு, முடிஞ்ச போஸ்டர் ஒண்டு, பென்சில் வரைவில இருந்து நிறம் வரைக்கும் ஒரே படத்தின்ட மூண்டு நிலை. கடைசி மூண்டும் ஏனெண்டா, ஓவியரிட்ட முதல் தரம் வேலை குடுக்கிறவருக்கு எந்த இடத்தில திருத்தம் கேக்கலாம் எண்டு தெரியாது.

கேப்ஷனின்ட முதல் வரிதான் "more" அமத்த முதல் தெரியும். அதில விலை: "போஸ்டர் 450 டொலரில இருந்து, மூண்டு கிழமை, இரண்டு தரம் திருத்தம்." விலையையும் திகதியையும் படத்துக்குள்ள எழுதாதேங்கோ. கேப்ஷனை எப்பவும் திருத்தலாம், படத்துக்குள்ள இருக்கிற எழுத்தைத் திருத்த ஏலாது.

"இருந்து" எண்ட சொல்லு முக்கியம். ஒரு நாள் பொங்கல் விழாவுக்கு ஒட்டிற போஸ்டரும், அதே படத்தை டீசேர்ட்டில அடிச்சு விக்கிறதும் ஒரே விலை இல்லை. அதால லிங்கில இருக்கிற ஃபோர்மில நாலே நாலு கேள்வி: எதுக்கு, எங்க பாவிப்பீங்கள், எப்ப வேணும், பட்ஜெட் எவ்வளவு.

சரி, வேலை செய்யுதா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? அக்கவுண்டை ப்ரொஃபெஷனலா மாத்தினா இன்சைட்ஸ் வரும். நாலு கிழமை விட்டுப் பாருங்கோ. பக்கத்துக்கு ஆக்கள் வந்தும் லிங்கை அமத்தேல்லை எண்டா பிழை பயோவில. லிங்கை அமத்தியும் ஃபோர்மை நிரப்பேல்லை எண்டா ஃபோர்ம் நீளம். கேள்வி வந்தும் தேவையில்லாத கேள்வியா வந்தா, பின் போஸ்ட்டில பிழையான படம் இருக்கு. ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்துங்கோ, இல்லாட்டி எது சரி செய்தது எண்டு தெரியாது.

அவளுக்கு முதல் மாதம் வந்த கேள்விகள் முந்தி வந்ததில பாதி கூட இல்லை. கொஞ்சம் பயந்திட்டாள். ஆனா நாலு பேர் திகதியும் பட்ஜெட்டும் எழுதியிருந்தினம், அதில இரண்டு வேலையாச்சு. ஒண்டு மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ: ஆக்களே வராத பக்கத்துக்கு இந்த மாற்றம் ஆக்களைக் கொண்டு வராது. வந்தவையைத் தவற விடாமப் பாக்கும், அவ்வளவுதான்.

வீட்டு வேலை: உங்கட பயோவை உங்களைத் தெரியாத ஒருத்தரிட்டக் காட்டி, "நான் என்ன விக்கிறன்?" எண்டு கேளுங்கோ. பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ, அடுத்த எபிசோடில கதைப்பம்.