மீட்டருக்குள் இருக்கும் சிம்

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்மார்ட் மீட்டரில் சிம் இருக்கிறதாமே? அதைக் கழற்றி போனில் போட்டால் இலவச இன்டர்நெட் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. மீட்டரைத் திறந்ததும் ‘மூடி திறக்கப்பட்டது’ என்று அதுவே நேரத்தோடு பதிவு செய்துவிடும். மின்வாரியத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும்!

மீட்டரில் இருப்பது இயந்திரங்கள் தமக்குள் பேசுவதற்கான எம்2எம் சிம். இந்தியாவில் 2018 முதல் இதற்கு 13 இலக்க எண் வழங்கப்படுகிறது. நம் எல்லோருடைய செல்போன் எண்ணும் 13 இலக்கமாகப் போகிறது என்று அப்போது பரவிய வதந்திக்கு இதுதான் மூலம்.

போன் சிம் யாருடனும் பேசும், எந்தத் தளத்துக்கும் போகும். எம்2எம் சிம்முக்கு வழி முன்பே வகுக்கப்பட்டிருக்கும். மீட்டரின் சிம், மின்வாரியத்துக்கென ஒதுக்கிய ஏபிஎன் வழியாக, குறிப்பிட்ட சர்வர் முகவரிக்கு மட்டுமே தரவை அனுப்பும். 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் மின் அளவு சில கிலோபைட்தான். போனில் போட்டால் சிக்னல் கோடுகள் தெரியலாம். யூடியூப் மட்டும் திறக்காது.

தவிர, பல கருவிகளில் கழற்றவே சிம் இருக்காது. 5 x 6 மில்லிமீட்டர் சில்லாக சர்க்யூட் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். வெயிலில் கொதிக்கும் பெட்டிக்குள் பல ஆண்டுகள் தாங்க வேண்டுமே! அதில் இ-சிம் வசதியும் இருந்தால், ஆள் போகாமலே நெட்வொர்க்கை மாற்றலாம்.