கேட்டுக் குறிப்பெடுத்தல்: மேல்நிலை வகுப்புக்கு ஒரு பயிற்சி

வகுப்பு: 11, 12 நேரம்: இரண்டு பாடவேளைகள்

ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவதையே குறிப்பெடுத்தல் என்று மாணவர் பலர் நினைக்கின்றனர். பேச்சின் வேகத்திற்குக் கை ஈடுகொடுக்காது. முதல் இரண்டு வாக்கியங்கள் முழுமையாகவும், அடுத்தவை அரைகுறையாகவும் நோட்டில் இருக்கும். பெரும்பாலும் விடுபடுவது காரணம்தான். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தீர்மானிக்கப் பழக்குவதே இப்பயிற்சியின் நோக்கம்.

செயல்பாடு 1: கேட்டல்

கீழுள்ள உரைப்பகுதியை இயல்பான வேகத்தில் இருமுறை வாசியுங்கள். முதல்முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கட்டும். இரண்டாம் முறை எழுதட்டும்.

"சென்ற வகுப்பில் தென்மேற்குப் பருவமழையைப் பார்த்தோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாட்டின் பெரும்பகுதிக்கு மழை தருவது அதுதான். ஆனால் தமிழ்நாட்டிற்கு அதில் பங்கு குறைவு. காரணம் என்ன? அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைமேல் ஏறும்போது குளிர்ந்து, கேரளப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. நம் பக்கம் இறங்கும்போது ஈரம் குறைந்துவிடுகிறது. இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் கோவைக்காரர்கள் நன்றாக அறிவார்கள், அது இருக்கட்டும். இனி வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றின் திசை மாறுகிறது. அந்தக் காற்று வங்கக்கடலைக் கடந்து வரும்போது ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. எனவே கடலோர மாவட்டங்களில் மழை அதிகம். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த மூன்று மாதங்களில் கிடைக்கிறது."

வாசித்தபின், வழிகாட்டும் சொற்களைக் கேளுங்கள். 'ஆனால்', 'காரணம் என்ன', 'இதைத்தான் … என்கிறோம்', 'இனி', 'எனவே' ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதுங்கள். 'ஆனால்' வந்தால் வேறுபாடும், 'என்கிறோம்' வந்தால் கலைச்சொல்லும், 'இனி' வந்தால் புதிய தலைப்பும் வருகின்றன. 'அது இருக்கட்டும்' என்றால் முன் சொன்னது கிளைச்செய்தி, அதை விட்டுவிடலாம்.

செயல்பாடு 2: மூன்று வடிவங்கள்

வகுப்பை மூன்று குழுக்களாக்கி, ஒவ்வொன்றும் அதே பகுதியை ஒரு வடிவில் எழுதட்டும்.

*வரிசைக் குறிப்பு*

1. தெ.மே. பருவமழை (ஜூன்–செப்.)
 - தமிழ்நாட்டில் குறைவு
 - ஈரக்காற்று → மலை ஏறும் → குளிரும் → கேரளத்தில் மழை
 - நம் பக்கம்: மழை மறைவுப் பகுதி
2. வ.கி. பருவமழை (அக்.–டிச.)
 - வங்கக்கடலில் ஈரம் → கடலோரத்தில் அதிகம்
 - ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி

*அட்டவணை*

| | தெ.மே. | வ.கி. |
|---|---|---|
| காலம் | ஜூன்–செப். | அக்.–டிச. |
| ஈரம் தரும் கடல் | அரபிக்கடல் | வங்கக்கடல் |
| நமக்கு மழை | குறைவு | ஏறத்தாழ பாதி |

*கார்னெல் முறை:* அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் உருவாக்கியது. பக்கத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். வலப்புற அகலப் பகுதியில் வகுப்பில் எடுக்கும் குறிப்பு, இடப்புறக் குறுகிய பகுதியில் வகுப்பு முடிந்தபின் எழுதும் வினாக்கள், அடியில் சுருக்கம். இங்கே இடப்புறத்தில் 'தெ.மே. மழை நமக்கு ஏன் குறைவு?', 'வ.கி. காற்றுக்கு ஈரம் எங்கிருந்து?' என்ற இரு வினாக்கள் வரும்.

மூன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிடச் செய்யுங்கள். அட்டவணையில் வேறுபாடு ஒரே பார்வையில் தெரிகிறது. ஆனால் காற்று ஏறிக் குளிரும் நிகழ்வுக்கு அதில் இடமில்லை. மேலும், எவற்றை ஒப்பிடப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால்தான் கட்டங்கள் போட முடியும். முதல்முறை கேட்கும் உரைக்கு வரிசைக் குறிப்பே எளிது. ஆனால் ஒப்புமை இரண்டு இடங்களில் சிதறிக் கிடக்கும். கார்னெல் முறையில் வலப்புறத்தை மூடிக்கொண்டு வினாக்களுக்கு விடை சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அன்றே வினாக்களை எழுதாவிட்டால் அது வெறும் கோடு போட்ட தாளாகிவிடும்.

செயல்பாடு 3: சுருக்கம்

மறுநாள், தம் குறிப்பை மட்டும் வைத்து, முழு வாக்கியங்களில் 30 சொற்களுக்கு மிகாமல் எழுதட்டும். இரண்டு விதமான விடைகள் வரும்.

அ) "தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தமிழ்நாட்டில் பாதி மழை வடகிழக்கில் கிடைக்கிறது."

ஆ) "தென்மேற்குக் காற்றின் ஈரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கமே மழையாகிவிடுவதால் தமிழ்நாட்டிற்குக் குறைவாகவே கிடைக்கிறது. வங்கக்கடலில் ஈரம் பெறும் வடகிழக்குக் காற்றே ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தருகிறது."

முதல் விடையில் தகவல் பிழை இல்லை. ஆனால் 'ஏன்' என்பதற்குப் பதில் இல்லை. அப்படி எழுதியவரின் குறிப்பை வாங்கிப் பாருங்கள். அதில் அம்புக்குறியோ 'எனவே' போன்ற சொல்லோ இல்லையென்றால், குறை சுருக்கத்தில் இல்லை, குறிப்பில்தான். அவரைச் சுருக்கத்தைத் திருத்தச் சொல்லாமல், உரைப்பகுதியை மீண்டும் கேட்டுக் குறிப்பைத் திருத்தச் சொல்லுங்கள். குறிப்பில் காரணம் இருந்தும் சுருக்கத்தில் வரவில்லை என்றால், இரு செய்திகளை 'ஆல்', 'எனவே' கொண்டு இணைக்கும் பயிற்சி தேவை.

அடுத்த முறை, காலவரிசையில் அமைந்த ஒரு வரலாற்று உரைப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வடிவம் பொருந்தும் என்பதை மாணவரே தேர்ந்து, காரணமும் சொல்லட்டும்.