முதுமையில் துணைக்கரம்

பல்லாவரத்தில் வாழும் ஓய்வுபெற்ற அரசுப்பள்ளி ஆசிரியை ஒருவர், 80 வயதில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார் எனக் கொள்வோம். மருத்துவமனைச் செலவை மருத்துவக் காப்பீடு ஏற்கிறது. வீடு திரும்பிய பின்னர், குளிக்கவும் உண்ணவும் நடக்கவும் அவருக்குப் பிறர் துணை வேண்டும். அத்துணையாளரின் ஊதியத்தைக் காப்பீடு வழங்குவதில்லை; அது சிகிச்சைக்கு உரியதே அன்றி, அன்றாடப் பராமரிப்புக்கு உரியதன்று. 70 வயது நிறைந்தோர்க்கு ஆயுஷ்மான் பாரத் திட்டம் அளிக்கும் 5 இலட்சம் ரூபாய்க் காப்பீட்டுக்கும் இவ்வரம்பு பொருந்தும்.

அவ்வாறாயின், அவருக்கு உதவுவது எது? 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். அடிப்படை 25,000 ரூபாய் எனில், கூடுதல் 5,000 ரூபாய். துணையாளரின் மாத ஊதியம் 15,000 ரூபாயானால், அதில் மூன்றில் ஒரு பங்கையே இது ஈடுசெய்யும். 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை இல்லத்திற்கே கொண்டு வருகிறது. எனினும், நாள்முழுதும் உடனிருப்பவரை அது தருவதில்லை.

ஓய்வூதியமும் சொத்தும் இல்லாத பெற்றோர்க்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழிகாட்டுகிறது. தம்மைத் தாமே பேண இயலாதோர், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்துப் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம். மருத்துவக் கவனிப்பும் அச்சட்டம் கூறும் பராமரிப்பில் அடங்கும்.

எனவே, காப்பீட்டுப் பத்திரத்தில் கையொப்பமிடும் முன்னர், ‘வீட்டில் உடனிருப்பவரின் ஊதியம் இதில் அடங்குமா?’ என வினவி அறிதல் வேண்டும்.