தடித்த எழுத்தும் தவறாத எண்ணும்: வாட்ஸ்அப்பில் பதில் எழுதும் முறை

நம் வாடிக்கையாளர்களுள் சிறுவணிகர் பலர் இன்று விலைப்பட்டியலையும் நிலுவைக் கணக்கையும் வாட்ஸ்அப் வழியாகவே அனுப்புகின்றனர். அச்செயலியில் ஒரு சொல்லின் இருபுறமும் ஒற்றை நட்சத்திரக் குறியிட்டால் அச்சொல் தடித்த எழுத்தாகும். இருபுறமும் அடிக்கோட்டுக் குறியிட்டால் சாய்வெழுத்தாகும். இவ்வசதி 2016 முதல் உள்ளது. எனினும் இக்குறிகளை இடம் அறியாது இட்டால், பணம் செலுத்துபவருக்கு இடர் நேரலாம். ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம்.

ஒரு ஜவுளி வணிகர் ரூ.18,450-க்குச் சரக்கு அனுப்பியுள்ளார். வாங்கியவர் ரூ.5,000 செலுத்திவிட்டு, மீதி எவ்வளவு, எந்தக் கணக்கில் செலுத்துவது என்று கேட்கிறார். வணிகர் இவ்வாறு பதில் எழுதுகிறார்:

```
நிலுவை * ரூ.13,450 * மட்டும்.
அதை *15ஆம் தேதி*க்குள் அனுப்புக.
கணக்கு எண் *000012345678*
_ரசீதின் படத்தையும் அனுப்பவும்._
```

முதல் வரியில் குறிக்கும் தொகைக்கும் இடையே இடைவெளி உள்ளது. தொடக்கக் குறியை அடுத்தும் முடிவுக் குறிக்கு முன்னும் இடைவெளி இருத்தல் ஆகாது. இருந்தால் எழுத்து தடிக்காது. நட்சத்திரங்கள் மட்டும் திரையில் அப்படியே நிற்கும்.

இரண்டாம் வரியின் பிழை தமிழில் எளிதில் நேர்வது. நம் மொழியில் உருபுகள் சொல்லோடு ஒட்டியே வரும். முடிவுக் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தக் குறியோ வரவேண்டும். இங்கே ‘க்குள்’ என்பது குறியை ஒட்டி நிற்கிறது. ஆகவே உருபையும் உள்ளடக்கி `*15ஆம் தேதிக்குள்*` என்று எழுதுவதே முறை. மேலும், ஒரு குறியிணை ஒரு வரிக்குள்ளேயே முடிய வேண்டும். இரண்டு வரிகளைத் தடிக்க விரும்பினால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே குறியிட வேண்டும்.

மூன்றாம் வரி திரையில் அழகாகவே தோன்றும். ஆனால் இடர் இங்குதான் உள்ளது. கைபேசியில் செய்தியை நகலெடுத்தால் முழுச் செய்தியும், பெரும்பாலும் நட்சத்திரக் குறிகளுடனேயே, வந்து சேரும். எண்களை மட்டுமே ஏற்கும் வங்கிச் செயலியின் கட்டத்தில் அதனை ஒட்டினால் ஏற்கப்படாமல் போகலாம். அப்போது வாங்கியவர் எண்ணைக் கையால் தட்டச்சு செய்ய நேரும். மின்வழிப் பணமாற்றத்தில் பணம் கணக்கு எண்ணின் அடிப்படையிலேயே வரவு வைக்கப்படுகிறது. ஓர் இலக்கம் மாறினால் பணம் வேறொருவர் கணக்கிற்குச் செல்லக்கூடும். எனவே பிறர் நகலெடுக்க வேண்டிய எதற்கும் குறியிடலாகாது. அதனைத் தனிச் செய்தியாக அனுப்புதல் மிக நன்று.

நான்காம் வரியில் குறி சரியாகவே உள்ளது. ஆயினும் தமிழ் எழுத்துகளைச் சாய்த்தால் சிறிய திரையில் படிப்பது கடினம். செய்யவேண்டிய செயலைக் கூறும் வரியை நேரெழுத்திலேயே விடுவது தக்கது.

திருத்திய பதில் மூன்று செய்திகளாக அமையும். முதற்செய்தி:

```
சரக்கு மதிப்பு ரூ.18,450; வரவு ரூ.5,000.
நிலுவை: *ரூ.13,450*
*15ஆம் தேதிக்குள்* செலுத்த வேண்டுகிறோம்.
கணக்கு எண், IFSC குறியீடு அடுத்த இரு செய்திகளில் உள்ளன.
செலுத்தியபின் ரசீதின் படத்தை அனுப்பவும்.
```

இரண்டாம் செய்தியில் கணக்கு எண் மட்டும்:

```
000012345678
```

மூன்றாம் செய்தியில் கிளையின் குறியீடு மட்டும்:

```
ABCD0123456
```

இக்குறியீட்டில் எப்போதும் 11 எழுத்திலக்கங்கள் இருக்கும். ஐந்தாவது பூச்சியம், ஆங்கில எழுத்தாகிய ‘ஓ’ அன்று. அனுப்புமுன் இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

இப்பதிலில் தடித்த எழுத்து இரண்டு இடங்களில் மட்டுமே உள்ளது: எவ்வளவு, எப்போது என்பவை. எல்லாவற்றையும் தடித்தால் எதுவும் கண்ணில் படாது.

இதே பதிலை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ ஒட்டினால் நட்சத்திரங்கள் வெறும் குறிகளாகவே நிற்கும். ஆகவே அங்கே அவற்றை நீக்கிவிட வேண்டும். டெலிகிராமில் தடித்த எழுத்துக்கு இரட்டை நட்சத்திரமும், சாய்வுக்கு இரட்டை அடிக்கோடும் இடுவர். வாட்ஸ்அப்பில் அவ்வாறு இரட்டிப்பாக இட்டால், மிகுந்த குறிகள் திரையில் எஞ்சி நிற்கும்.

இறுதியாக ஒன்று. தடித்த எழுத்தை எவரும் இடலாம். அது அனுப்பியவர் இன்னார் என்பதற்குச் சான்றாகாது. கணக்கு எண் மாறிவிட்டதாகத் தடித்த எழுத்தில் ஒரு செய்தி வந்தால், முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் அவரை அழைத்து உறுதிசெய்த பின்னரே பணம் அனுப்புக.