ரத்தபேதி நின்ற பிறகும் ஒரு வாரம்: குழந்தையின் சிறுநீரகத்தைக் கண்காணிக்கும் முறை

ரத்தமாகப் போய்க்கொண்டிருந்த பேதி நின்றதும் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்துவிடுகிறது. குழந்தை இரண்டு வாய் கஞ்சி குடிக்கிறது, டிரிப்ஸைக் கழற்றுகிறார்கள், வீட்டுக்குப் போகப் பை கட்டியாகிறது. எச்.யு.எஸ். எனப்படும் ஹீமோலிட்டிக் யூரிமிக் சிண்ட்ரோம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. பேதி ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணினால் அது 5 முதல் 13 நாட்களுக்குள் வரும்.

பெரும்பாலான நாடுகளில் இதற்குக் காரணம் ஷிகா நச்சைச் சுரக்கும் ஈ.கோலை கிருமி. அதிலும் ஓ157 என்ற வகை பேர்போனது. 1993இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் வேறு சில மேற்கு மாநிலங்களிலும் சரியாக வேகாத ஹாம்பர்கர் இறைச்சியால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். நம் பக்கத்தில் சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா கிருமியும் இதே வேலையைச் செய்யும். ஷிகெல்லாவுக்குப் பின் குழந்தைகளுக்கு எச்.யு.எஸ். வந்ததை வேலூர் மருத்துவர்கள் 1978லேயே எழுதிவைத்தார்கள்.

நச்சு குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களுடைய உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அந்த இடங்களில் பொடிப்பொடியாக ரத்தம் உறைகிறது. உறைவதற்குத் தட்டணுக்கள் செலவாவதால் அவற்றின் எண்ணிக்கை சரிகிறது. அடைபட்ட குழாய்க்குள் நெருக்கிக்கொண்டு போகும் சிவப்பணுக்கள் கிழிந்து துண்டாகின்றன. கடைசியில் வடிகட்டும் வேலை முடங்கி, கிரியாட்டினின் ஏறுகிறது. முதலில் தட்டணு, பிறகு சிவப்பணு, அதன் பிறகு சிறுநீரகம் என்ற இந்த வரிசை நினைவில் இருந்தால் கண்காணிப்பில் பாதி வேலை முடிந்தது.

1. தேதி குறிப்பது

முதல் தடவை பேதி போன தேதி, முதலில் ரத்தம் தெரிந்த தேதி இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். ‘போன வாரம்’ என்ற பதிலை வைத்துக்கொண்டு மருத்துவரால் எதையும் கணக்கிட முடியாது.

2. மருந்துக்கு முன் மலப் பரிசோதனை

ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே மல மாதிரி எடுத்துவிட வேண்டும். சாதாரண கல்ச்சரில் ஓ157 மற்ற ஈ.கோலைகளோடு கலந்து தெரியாமல் போய்விடும். அதனால் சார்பிட்டால் மக்கான்கி தட்டில் வளர்க்க வேண்டும் என்றோ, ஷிகா நச்சுக்கான பரிசோதனை வேண்டும் என்றோ சீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஷிகெல்லா என்றால் ஆன்டிபயாட்டிக் தேவை. ஓ157 என்றால் ஆன்டிபயாட்டிக் எச்.யு.எஸ். வரும் அபாயத்தைக் கூட்டக்கூடும். எனவே எந்த மருந்து என்பது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. கடையில் கேட்டு வாங்குவது கூடவே கூடாது. பேதியைக் கட்டும் லோபிரமைடும், சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும் ஐபுபுரூஃபனும் வேண்டாம்.

3. ரத்த ரிப்போர்ட்டைப் படிப்பது

பலரும் சறுக்கும் இடம் இதுதான். லேப் தடித்த எழுத்தில் எதையும் காட்டவில்லை என்பதால் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று மடித்து வைக்கப்படுகிறது. எச்.யு.எஸ்.ஸில் ஒரு நாளின் எண்ணை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. நேற்றைய எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

நான்கு வயது, 16 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பேதியின் மூன்றாம் நாள் தட்டணு 3,40,000, ஹீமோகுளோபின் 12.8, கிரியாட்டினின் 0.4. ஐந்தாம் நாள் பேதி குறைகிறது. தட்டணு 2,10,000, ஹீமோகுளோபின் 12.1, கிரியாட்டினின் 0.5. லேப் அச்சிட்டிருக்கும் வரம்பு 1,50,000 முதல் 4,50,000 வரை என்பதால் தட்டணுவுக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. ஆனால் இரண்டே நாளில் 1,30,000 தட்டணுக்கள் காணாமல் போயிருக்கின்றன. அபாய மணி அன்றைக்கே அடித்துவிட்டது.

ஆறாம் நாள் தட்டணு 1,30,000, ஹீமோகுளோபின் 10.4, கிரியாட்டினின் 0.9. அந்த 0.9க்கும் குறி இருக்காது. காரணம், பல லேப்களில் அச்சிடுவது பெரியவர்களுக்கான வரம்பு. நான்கு வயதுக் குழந்தைக்கு அது இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய எண். ஏழாம் நாள் தட்டணு 60,000, ஹீமோகுளோபின் 8.2, கிரியாட்டினின் 2.1. இப்போது எல்லாமே தடித்த எழுத்தில் வரும். ஐந்தாம் நாளே கவனித்திருந்தால் இரண்டு நாள் கையில் கிடைத்திருக்கும்.

ஹீமோகுளோபினும் ஏமாற்றும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ரத்தம் கெட்டிப்பட்டு, எண் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

தட்டணு இறங்கும்போது ஸ்மியர் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒருவர் கண்ணால் பார்க்கும் பரிசோதனை அது. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் முக்கோணமாகவும், இரண்டு கொம்பு முளைத்த தொப்பியாகவும் உடைந்து கிடக்கும். இந்தத் துண்டுகளுக்கு ஷிஸ்டோசைட் என்று பெயர். சில இயந்திரங்கள் சின்னத் துண்டுகளைத் தட்டணு என்று எண்ணி, எண்ணிக்கையை உயர்த்திக் காட்டிவிடும். அதனால் இயந்திர ரிப்போர்ட்டோடு நிறுத்தக் கூடாது.

பரிசோதனையை எப்போது நிறுத்தலாம்? பேதியும் வயிற்றுவலியும் விட்டு, அடுத்தடுத்த நாட்களில் தட்டணு ஏறிக்கொண்டோ நிலையாகவோ இருந்தால் நிறுத்தலாம். அதுவரை தினம் ஒரு சிபிசியும் கிரியாட்டினினும் எடுக்க வேண்டும். ஓ157 தொற்றிய பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு எச்.யு.எஸ். வருகிறது. எந்த 15 பேர் என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லோரையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

4. சிறுநீரை அளப்பது

பாத்ரூம் போனான் என்று சொன்னால் போதாது. மில்லியில் அளந்து எழுத வேண்டும். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே போகக் கூடாது. 16 கிலோ குழந்தைக்கு அது மணிக்கு 8 மில்லி. டயப்பர் கட்டும் வயது என்றால் நனைந்த டயப்பரின் எடையிலிருந்து காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்து, ஒரு கிராமை ஒரு மில்லியாகக் கொள்ளலாம். சிறுநீர் கறுத்துப் போனாலும், முகம் வெளுத்தாலும், கண் இமை வீங்கினாலும், வலிப்பு வந்தாலும், அளந்துகொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

5. நீர் கொடுப்பதும் நிறுத்துவதும்

சிறுநீர் நன்றாகப் போகும் ஆரம்ப நாட்களில் சலைனைத் தாராளமாக நரம்பு வழியே பெற்ற குழந்தைகளுக்குச் சிறுநீர் அடியோடு நின்றுபோவது குறைவாக இருந்திருக்கிறது. சிறுநீர் நின்றபின் அதே சலைன் நுரையீரலில் தேங்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். அந்தக் கட்டத்தில் வெளியேறும் அளவைக் கணக்கிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். நீர் வற்றியதால் சிறுநீர் குறைந்ததா, சிறுநீரகம் முடங்கியதா என்பதை மூன்றாம் படியின் எண்கள் சொல்லிவிடும்.

எச்.யு.எஸ். வந்துவிட்டால் குழந்தைகளுக்கு டயாலிசிஸ் செய்யும் மருத்துவமனைதான் சரியான இடம். ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சில நாட்களோ வாரங்களோ டயாலிசிஸ் தேவைப்படுகிறது. ஹீமோகுளோபின் மிகவும் இறங்கினால் ரத்தம் ஏற்றுவார்கள். ரத்தக்கசிவோ அறுவையோ இல்லாதபோது தட்டணு ஏற்றுவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

பேதியே இல்லாமல் இதே மூன்று அறிகுறிகளும் வந்தாலும், குழந்தை ஆறு மாதத்துக்குட்பட்டது என்றாலும், குடும்பத்தில் வேறொருவருக்கு வந்திருந்தாலும், நோய் மறுபடி வந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம். இந்தியக் குழந்தைகளிடம் ஃபேக்டர் எச் என்ற புரதத்தை எதிர்க்கும் ஆன்டிபாடியால் வரும் எச்.யு.எஸ். அதிகம் காணப்படுகிறது. அதற்குப் பிளாஸ்மா மாற்று சிகிச்சையைச் சீக்கிரமே தொடங்க வேண்டும். அந்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

ஷிகா நச்சால் வந்த எச்.யு.எஸ்.ஸிலிருந்து பெரும்பாலான குழந்தைகள் மீண்டுவிடுகிறார்கள். ஆனாலும் சிலருக்குச் சில வருடங்கள் கழித்து ரத்த அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் கசிகிறது. ஆகவே குறைந்தது ஐந்து வருடம், வருடத்துக்கு ஒரு தடவையாவது ரத்த அழுத்தம், சிறுநீர்ப் புரதம், கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வைத்து ஒவ்வொரு தடவையும் கொண்டு போங்கள்.