முதல் பத்தியோடு நின்ற வாழ்த்துரை

திருத்தணி

அன்புள்ள மகளுக்கு,

உன் தோழியின் கல்யாண வரவேற்புக்கு நீ எழுதிக்கொண்டிருக்கும் வாழ்த்துரையின் தொடக்கம் கிடைத்தது. தணிகை மலையில் ஆரம்பித்து, வள்ளி திருமணத்தைத் தொட்டு, மணமக்களிடம் வரும் நேரத்தில் நிறுத்தியிருக்கிறாய். கீழே, "பெரியப்பா, மேற்கொண்டு எந்தத் தொனியில் போகட்டும், எவ்வளவு நீளம் வேண்டும்?" என்று ஒரு கேள்வி. நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் இதை என்னிடம் கேட்டு என்ன பயன்? மேடையில் பேசப்போகிறவர் அந்தப் பெண்ணின் தாய்மாமன். தாளைப் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் நிற்கப்போவது அவர்தான்.

முழுதும் எழுதி அவரிடம் நீட்டினால் என்ன ஆகும் என்று யோசி. "ரொம்ப நல்லாயிருக்கும்மா" என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பட்டணத்திலிருந்து ஒரு பெண் மெனக்கெட்டு எழுதிக் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது? அன்றைக்கு மேடையேறியதும் தாளை வெளியே எடுக்காமலே தனக்கு வாயில் வந்ததைப் பேசிவிட்டு இறங்குவார். பாதியில் நின்ற எழுத்தென்றால் மாற்றச் சொல்ல அவருக்குக் கூச்சம் இருக்காது. அதற்காகத்தான் நிறுத்திக் காட்டுவது.

அப்படிக் காட்டுகிற துண்டில் அவர் தீர்மானிக்க வேண்டிய விஷயம் இருக்க வேண்டும். உன் பத்தியில் மலை இருக்கிறது, முருகன் இருக்கிறார், வேங்கை மரம்கூட இருக்கிறது. பெண் இல்லை. இதை வாசித்துவிட்டு அவர் தொனியைப் பற்றி என்ன சொல்வார்? சாமியைப் பற்றி எழுதினால் எல்லாத் தொனியும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அவளைப் பற்றிய முதல் இரண்டு வாக்கியத்தை எழுதிவிட்டு அங்கே நிறுத்து. அவளை அவர் எப்படிப் பேச விரும்புகிறார் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

இன்னொன்று. "என்ன தொனி வேணும் மாமா?" என்று கேட்டால் "நல்லா இருக்கணும்மா" என்பார். நீளத்தைக் கேட்டால் "சுருக்கமா, ஆனா எல்லாம் வரணும்" என்பார். இரண்டும் உனக்கு உதவாது. தொனிக்கு இரண்டு தொடக்கம் எழுதி, இரண்டையும் போனில் வாசித்துக் காட்டு. நீளத்துக்கு, அன்று மாலை மேடையில் என்ன நடக்கிறது என்று கேள்.

நான் எழுதினால் முதலாவது இப்படி இருக்கும்: "பெரியோர்களே, இரு வீட்டுச் சொந்தங்களே, வணக்கம். வள்ளியை மணந்த முருகப்பெருமான் அவளை அழைத்துக்கொண்டு வந்து தங்கிய மலை இது. இந்த மலையில் என் அக்கா மகள் நாளை தன் இல்லறத்தைத் தொடங்குகிறாள்."

இரண்டாவதுக்கு நீ எப்போதோ சொன்ன மோர்க் கதையை எடுத்துக்கொள்கிறேன்: "எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா பொண்ணு எட்டாவது படிக்கும்போது, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வர்றவங்களுக்கு மோர் குடுக்கிறேன்னு மலைப்படியில போய் நின்னா. பொழுது சாய்ஞ்சும் வீட்டுக்கு வரல. தேடிக்கிட்டுப் போனா, மோர் தீர்ந்துபோயும் வெறும் தண்ணிய ஊத்திக் குடுத்துக்கிட்டிருக்கா. மாப்பிள்ளை, உங்க வீட்டுக்கு வர்றது அந்தப் பொண்ணுதான்."

இரண்டையும் கேட்டுவிட்டு "ரெண்டாவது நம்மளாட்டம் இருக்குது" என்று சிரித்தாரானால் தொனி முடிந்தது. "மோர் கதையெல்லாம் சம்பந்தி முன்னால வேணாம்மா" என்றாரானால் அதுவும் முடிந்ததுதான். உன் ரசனைக்கு அது சற்று வறட்சியாக இருந்தாலும் முதலாவதையே எழுது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் பேசுகிறவர் நானில்லை.

நீளத்துக்கு வருகிறேன். பேச்சு எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கும். சுயமரியாதைத் திருமணத்தில் வாழ்த்துரைதான் நிகழ்ச்சியே. அங்கே தலைவர்கள் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள், சனம் உட்கார்ந்து கேட்டிருக்கிறது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும் என்று 1967இல் நம் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது அந்த முறைக்காகத்தான். உன் தோழியின் கல்யாணம் அப்படியல்ல. காலையில் மலைமேல் முகூர்த்தம். அங்கே கெட்டிமேளத்துக்கு நடுவில் பேச்சுக்கே இடமில்லை. பேச்சு முதல்நாள் மாலை, கீழே மண்டபத்தில், வரவேற்பில். பரிசுப் பொட்டலத்தோடு மேடைக்கு வரிசை நிற்கிறது, ஓரத்தில் இன்னிசைக் குழு, பந்தி ஏழரைக்கு. பாட்டுக்காரர்கள் ஒரு பாட்டை நிறுத்திவிட்டு மைக்கைக் கொடுக்கும் இடைவெளிதான் மாமாவுக்குக் கிடைக்கும். மூன்று நிமிடம். அதற்குமேல் போனால் வரிசையில் குழந்தையோடு நிற்பவர்கள் கால் மாற்றத் தொடங்குவார்கள், போட்டோகிராபர் கையசைப்பார்.

நிதானமாகப் பேசுகிறவர் ஒரு நிமிடத்தில் நூறு சொல்லுக்குப் பக்கத்தில் பேசுவார். அப்படியானால் மூன்று நிமிடத்துக்கு முந்நூறு. மாமா தாளை விட்டு விலகிப் பழைய கதை சொல்கிறவர் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆகவே இருநூறு சொல் எழுது, மீதியை அவர் நிரப்பிக்கொள்வார். உன் தொடக்கத்தை வாய்விட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்தைத் தாண்டுகிறது. இருநூறு சொல்லில் பாதி மலையேறுவதிலேயே போய்விடுகிறது! மேடையிலிருக்கும் பெரியவர்கள் பெயரை வரிசையாக எழுதியிருக்கிறாயே, அதையும் எடுத்துவிடு. அது நேரத்தைத் தின்னும், ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வருத்தம் அடுத்த விசேஷம்வரை தொடரும். "இரு வீட்டுச் சொந்தங்களே" போதும்.

வள்ளி கதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொனி நழுவுகிற இடம் அது. இந்த ஊரில் கல்யாணம் என்றால் வள்ளியைச் சொல்லாமல் யாரும் பேசமாட்டார்கள், நீயும் சொல்லியிருக்கிறாய். ஆனால் "முருகன் வள்ளியை மணந்த இதே தலத்தில்" என்று எழுதியிருக்கிறாய். ஊர் வழக்கு அதுதான். கச்சியப்பரின் கந்தபுராணத்தில் கடைசியாக வரும் வள்ளியம்மை திருமணப் படலத்தில் விஷயம் சற்று வேறு. களவில் கூட்டிப்போன முருகன் மறுபடி வேடர் சிற்றூருக்கே வந்து, நம்பி தன் மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க, ஊரறிய மணந்துகொண்ட பின்பு இருவரும் இந்த மலைக்கு வந்து தங்குகிறார்கள். கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவராவது இருப்பார். அவருக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பிறந்தகம் விட்டுப் புறப்பட்ட பெண் முதலில் வந்து தங்கிய இடம் என்று சொன்னால், உன் தோழிக்கு அது இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது.

அதே கதையில் எதைத் தொடக்கூடாது என்பதும் இருக்கிறது. தேவசேனையை அதற்குமுன் மணந்தவர் முருகன். வள்ளியின் காதலை நீட்டி முழக்கினால், முன்வரிசையில் ஒரு குறும்புக்காரர் "அப்ப ரெண்டாவது எப்போ மாப்பிள்ளை?" என்று கேட்டுவிடுவார். அந்தச் சிரிப்பில் மாமாவின் பேச்சு முழுதும் அடித்துக்கொண்டு போய்விடும். கிழவன் வேஷம், யானை துரத்தியது எல்லாம் வேண்டாம். ஒரே வாக்கியம், தங்கிய மலை என்பதோடு நிறுத்து. இவர்களுடையது காதல் கல்யாணம் என்றும், பெண்ணின் அப்பா தாமதமாகத்தான் சம்மதித்தார் என்றும் எழுதியிருந்தாயே. களவு, உடன்போக்கு என்ற பேச்சே அங்கே எழக்கூடாது. அந்த அப்பா மேடையில்தான் நிற்பார்.

மாப்பிள்ளை வீட்டார் நகரிப் பக்கம். 1960இல் திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது, நகரி அந்தப் பக்கமே நின்றது. ஆனால் கொடுக்கல் வாங்கல் எந்தக் காலத்திலும் நிற்கவில்லை. அவர்களுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். ஆகவே முழுப் பேச்சையும் தெலுங்கில் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, அது நேரத்தை இரட்டிப்பாக்கும். மாமா சம்பந்தி பக்கம் திரும்பும் இடத்தில் இரண்டு வாக்கியம் தெலுங்கில் வரட்டும். அவருக்கு அந்தப் பேச்சு சரளம், நீ எழுதித் தர வேண்டாம். தாளில் "இங்கே தெலுங்கில் சம்பந்திக்கு வணக்கம்" என்று குறித்துவிடு. எல்லை, போராட்டம், ம.பொ.சி. எல்லாம் வேறு மேடைக்கு. நம் ஊர்ப் பேச்சில் தவறாமல் வந்துவிடும் ராதாகிருஷ்ணனையும் இந்த ஒரு முறை விட்டுவிடலாம்.

மாமாவிடம் கேட்கத் தயங்குவாய், ஆனாலும் கேட்டே ஆக வேண்டியது ஒன்று உண்டு. அவளை வளர்த்த பாட்டி போன வருஷம் காலமானார் அல்லவா? சில வீடுகளில் கல்யாண மேடையில் இறந்தவர் பேச்சு அமங்கலம். சில வீடுகளில் பாட்டி பெயரைச் சொல்லாவிட்டால்தான் அம்மா அழுவாள். இதை நீயோ நானோ தீர்மானிக்க முடியாது. மாமா தன் அக்காவிடம் கேட்டுச் சொல்லட்டும். சொல்லலாம் என்றால் ஒரு வாக்கியம், பேச்சின் நடுவில், மோர்க் கதையோடு சேர்த்து. முடிவில் வைத்தால் மண்டபம் கனத்துப்போய் வாழ்த்து எடுபடாது. அப்பா கடன் வாங்கிப் படிக்கவைத்தார் என்று நீ குறிப்பில் எழுதியிருப்பதை எந்த வீட்டிலும் சொல்லாதே.

முடிவுக்குக் கவலைப்படாதே. தாய்மாமன் வாழ்த்தலாம், ஆசீர்வதிக்கலாம். நீ பேசுவதானால் வாழ்த்த வயதில்லை என்று சுற்றிவளைக்க வேண்டியிருக்கும், அவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. பதினாறு பேறுகளை அவரே சொல்லிக்கொள்வார், அதற்கு ஒரு வரி இடம் விடு.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவருக்கு ஓய்வு. அப்போது போன் செய்து இரண்டு தொடக்கத்தையும் வாசித்துக் காட்டு, பாட்டி விஷயத்தைக் கேள், மாலையில் யாருக்குப் பிறகு அவர் பேசுகிறார் என்று கேள். அதற்குப் பிறகு ஒரே இரவில் எழுதிவிடுவாய். தாளில் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரியாக அச்செடு. கண்ணாடி போட்டுக்கொண்டு மேடையேற அவருக்கு வெட்கம்.

அன்புடன்,
உன் பெரியப்பா