ஓ.டி. வரம்பை உயர்த்தக் கேட்கும் கடிதம்: கணக்கு எழுத வந்த இளைஞருக்கு

சிறு கடைக்காரர் பெயரில் வங்கிக்குப் போகும் ஓ.டி. உயர்வுக் கடிதத்தைப் பெரும்பாலும் கடைக்காரர் எழுதுவதில்லை. கடைக்குக் கணக்குப் பார்ப்பவரோ ஆடிட்டர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரோதான் எழுதித் தருகிறார். கிளை மேலாளருக்குக் கடையைத் தெரிந்திருக்கலாம். ஆனால் பல வங்கிகளில் கோப்பு கிளையோடு நிற்பதில்லை. கடன் பரிசீலனை மையத்துக்குப் போகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி அந்தக் கடை வாசலைக்கூடப் பார்த்ததில்லை. கடையைப் பற்றி அவருக்குத் தெரிவது கடிதமும் அதனோடு இணைத்த தாள்களும் மட்டுமே. கடிதத்தின் ஒவ்வொரு எண்ணும் இணைப்பில் ஏதோ ஒரு தாளில் கண்ணுக்குப் படவேண்டும் என்பது இதனால்தான்.

திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள ஹார்டுவேர், பெயிண்ட் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். இப்போதைய வரம்பு 10 லட்சம். கேட்பது 16 லட்சம். ‘பொருள்’ வரியிலேயே கணக்கு எண், இருக்கும் வரம்பு, கேட்கும் வரம்பு மூன்றும் வந்துவிட வேண்டும். ‘ஓ.டி. உயர்த்துவது தொடர்பாக’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் தேடத் தொடங்குவார். அடுத்து, பழைய அனுமதிக் கடிதத்தின் தேதியும் புதுப்பிக்க வேண்டிய தேதியும் ஒரே வாக்கியத்தில் வரலாம். கடை எத்தனை தலைமுறையாக நடக்கிறது என்ற வரலாறு இங்கே தேவையில்லை.

காரணம் சொல்லும் பத்திதான் கடிதத்தின் உயிர். ‘வியாபாரம் பெருகிவிட்டது, பணம் போதவில்லை’ என்பது எந்தக் கடைக்கும் பொருந்தும். அதனால் எதையும் நிறுவாது. உதாரணக் கடைக்காரருக்கு நடந்தது வேறு. சரக்கு தரும் மொத்த வியாபாரிகள் 45 நாள் தவணை கொடுத்துவந்தார்கள். அதை 15 நாளாகக் குறைத்துவிட்டார்கள். கடையின் மாதக் கொள்முதல் சுமார் 5.6 லட்சம். முப்பது நாள் தவணை போனதால் ஒரு மாதக் கொள்முதல் பணத்தை இனிக் கடைதான் புரட்டவேண்டும். இப்போதுள்ள 10 லட்சத்தோடு அதைச் சேர்த்தால் 16 லட்சத்துக்குப் பக்கத்தில் வருகிறது. கடிதத்தில் இதை இப்படி எழுதலாம்:

“கொள்முதல் தவணை 45 நாளிலிருந்து 15 நாளாகக் குறைந்துள்ளது. மாதக் கொள்முதல் ரூ.5.6 லட்சம். இதனால் ஏற்பட்டுள்ள கூடுதல் நடைமுறை மூலதனத் தேவைக்காக வரம்பை ரூ.16 லட்சமாக உயர்த்தக் கோருகிறேன். பழைய, புதிய பில் நகல்கள் இணைப்பு 3.”

தவணை நாள் அச்சான பில்கள் கையில் இருப்பதால் இந்தக் காரணத்தை யாரும் மறுக்க முடியாது.

தொகை சரிதானா என்று அதிகாரி தன் வழியிலும் போட்டுப் பார்ப்பார். நாயக் குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்த விற்றுமுதல் கணக்கைச் சிறு தொழில்களுக்கு வங்கிகள் பின்பற்றுகின்றன. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை. அதில் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதத்தை உரிமையாளர் போடவேண்டும். கடையின் சென்ற ஆண்டு விற்பனை 72 லட்சம். இந்த ஆண்டு முதல் ஆறு மாதத்தில் 42 லட்சம். சென்ற ஆண்டு அதே ஆறு மாதத்தில் 35 லட்சம். ஆறு மாத எண்ணை வெறுமே இரட்டிப்பது ஆபத்தானது, தீபாவளி, பொங்கல் வெள்ளையடிப்பு எந்தப் பாதியில் விழுகிறதோ அந்தப் பாதி கனக்கும். அதே மாதங்களோடு ஒப்பிட்டால் வளர்ச்சி 20 சதவீதம் என்று தெரிகிறது. அதன்படி ஆண்டு விற்பனை 86 லட்சத்தைத் தாண்டும். கொஞ்சம் அடக்கி 84 லட்சம் என்று எழுதலாம். அதில் 20 சதவீதம் 16.8 லட்சம். கேட்பது அதற்குள் அடங்குகிறது.

வரம்பு கூடினாலும் எடுக்க முடிவது டிராயிங் பவர் அளவுக்குத்தான். இருப்பு 18 லட்சம், அதில் பணம் கொடுக்காத சரக்கு 3 லட்சம். மீதி 15 லட்சத்தில் 25 சதவீத மார்ஜின் கழித்தால் 11.25 லட்சம். வெளிப்பாக்கி 11 லட்சத்தில் 90 நாளைத் தாண்டிய 3 லட்சம் கணக்கில் வராது. மீதி 8 லட்சத்தில் 40 சதவீதம் கழித்தால் 4.8 லட்சம். மொத்தம் 16.05 லட்சம். மார்ஜின் வங்கிக்கு வங்கி மாறும். அதைப் பழைய அனுமதிக் கடிதத்தில் பார்த்துத்தான் போடவேண்டும். இந்தக் கணக்கு 13 லட்சத்தில் நின்றால் 16 கேட்பதில் பொருளில்லை.

தாள்களில் அதிகம் சிக்குவது விற்பனை எண். ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன், வருமான வரி ரிட்டர்னோடு சேர்ந்த லாப நட்டக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட் ஆகிய மூன்றையும் அதிகாரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். முதல் இரண்டும் 72 லட்சம் என்று ஒத்துப்போக வேண்டும். வங்கியில் விழும் பணத்தில் வரியும் சேர்ந்திருப்பதால், 18 சதவீதத்தோடு சுமார் 85 லட்சம் வரவாகியிருக்க வேண்டும். உதாரணக் கடையின் ஓ.டி. கணக்கிலோ 58 லட்சம்தான் வரவு. கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையைப் பார்த்தால் விடை கிடைக்கிறது: அது உரிமையாளரின் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருக்கிறது. அங்கே 19 லட்சம் போயிருக்கிறது. மீதி 8 லட்சம் ரொக்கமாக வந்து, ஏற்றுகூலிக்கும் சில்லறைக் கொள்முதலுக்கும் அப்படியே செலவாகியிருக்கிறது. இதை மறைத்தால் விற்பனையே பொய்யோ என்ற சந்தேகம் வரும். சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்டையும் இணைத்து, மூன்று தொகைகளையும் ஒரே தாளில் கூட்டிக் காட்டி, க்யூ.ஆர். அட்டையை ஓ.டி. கணக்குக்கு மாற்றிய பிறகே கடிதம் கொடுப்பது நல்லது. ‘மாற்றப்படும்’ என்பதைவிட ‘மாற்றப்பட்டது’ என்ற சொல்லுக்கு எடை அதிகம்.

இன்னொன்று காப்பீடு. இருப்பு 18 லட்சம் என்று எழுதிவிட்டு, 10 லட்சத்துக்கு எடுத்த பாலிசியை இணைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. மற்ற தாள்கள் வழக்கமானவை: மூன்று ஆண்டு வருமான வரி ரிட்டர்ன், பன்னிரண்டு மாத ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இருப்பு, பாக்கிப் பட்டியல்கள், உத்யம் பதிவு, கடை வாடகை ஒப்பந்தம், ஈட்டுச் சொத்தின் ஆவணங்கள். சில்லறை, மொத்த வியாபாரிகளும் 2021 ஜூலை முதல் உத்யமில் பதியலாம். ஆடிட்டர் சான்றில் யு.டி.ஐ.என். இருக்கவேண்டும், வங்கி அதை இணையத்தில் சரிபார்க்கும். எதிர்பார்ப்புக் கணக்கில் ‘மதிப்பீடு’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பட்டியலில் ஒவ்வொரு இணைப்பின் எதிரிலும் அது எந்தக் காலத்துக்கு உரியது, எத்தனை பக்கம் என்பதைக் குறித்தால் ஒரு தாள் தொலைந்தாலும் உடனே தெரியும்.

கடிதமே கொடுக்கக்கூடாத நேரமும் உண்டு. சமீபத்தில் செக் திரும்பியிருந்தாலோ, கணக்கு மாதக்கணக்கில் வரம்பின் உச்சியிலேயே நின்றாலோ, இரண்டு மூன்று மாதம் வரவை ஒழுங்காக்கிவிட்டுக் கேட்பதே முறை. ஒரு பண்டிகைக்கு மட்டும் பணம் வேண்டுமென்றால் நிரந்தர உயர்வு கேட்பது தவறு. அதற்குத் தற்காலிகக் கூடுதல் வரம்பு என்று தனி ஏற்பாடு இருக்கிறது.

கடிதம் இரண்டு பிரதிகள். இணைப்புகளுக்குத் தொடர் பக்க எண் போட்டு, உரிமையாளர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, கடை முத்திரையும் வைத்த பிறகு கிளையில் கொடுக்கவேண்டும். இரண்டாம் பிரதியில் தேதியோடு வங்கி முத்திரை பெற்று, கடைக் கோப்பில் பழைய அனுமதிக் கடிதத்துக்கு மேலே வைக்கவேண்டும்.